ஒரே பாத்திரத்தில் சமைத்ததில் ஒரு கிண்ணத்துக்கு எவ்வளவு மேக்ரோ? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாத்திரத்தில் இருக்கும் மொத்த எடையும் என் கிண்ணத்தின் எடையும் தெரிந்தால் போதுமா? வேறு எதையும் அளக்க வேண்டாமா?

அந்த இரண்டும் சொல்வது ஒன்றே ஒன்றைத்தான்: மொத்தச் சாப்பாட்டில் எத்தனையில் ஒரு பங்கு உங்களுக்கு வந்தது என்பதை. பாத்திரத்தில் 2840 கிராம் இருந்து கிண்ணத்தில் 420 கிராம் எடுத்தால், 420-ஐ 2840-ஆல் வகுக்க 0.148 வரும். நூற்றில் கிட்டத்தட்ட பதினைந்து பங்கு. இது வெறும் விகிதம்தான். மேக்ரோ என்பது புரதம், மாவுச்சத்து, கொழுப்பு ஆகிய மூன்றும். புரதம் எத்தனை கிராம் என்று சொல்ல, பாத்திரம் முழுவதிலும் எவ்வளவு புரதம் போனது என்ற மூன்றாவது எண் வேண்டும். தராசு மட்டும் அதைச் சொல்லாது. 420 கிராம் வெறும் தண்ணீராகவும் இருக்கலாம், 420 கிராம் வெண்ணெயாகவும் இருக்கலாம். தராசுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இந்த முறையில் மிச்சமாவது வேறொரு வேலை. கிண்ணத்தில் எவ்வளவு கறி, எவ்வளவு பருப்பு, எவ்வளவு கிழங்கு என்று பிரித்து எடைபோட வேண்டியதில்லை. சமைக்கும்போதும் வெங்காயம், தக்காளி, இஞ்சி என்று ஒவ்வொன்றாகத் தராசில் ஏற்ற வேண்டியதில்லை.

அந்த மூன்றாவது எண்ணை எடைபோடாமல் எங்கிருந்து எடுப்பது?

பெரும்பகுதி பாக்கெட்டிலேயே அச்சாகி இருக்கிறது. 500 கிராம் கறி என்று ஒட்டிய பொட்டலத்தை முழுதாகப் போட்டால் அது எடைபோட்டதற்குச் சமம். ஒரு பாக்கெட் பருப்பில் பாதியைப் போட்டால் பாதி எடை. கண் அளவில் நம்பிக்கை இல்லையென்றால் மீதிப் பாக்கெட்டை ஒருமுறை தராசில் வைத்துக் கழித்துக்கொள்ளலாம். சமையலை வசதியாக முழு பாக்கெட், அரை பாக்கெட் கணக்கில் அமைத்துக்கொண்டால் வேலை இன்னும் சுலபம்.

எதை விடலாம், எதை விடக்கூடாது என்பதில்தான் கவனம் தேவை. தண்ணீர், உப்பு, மசாலாத்தூள், கீரை, மிளகாய் ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்காமலே விடலாம். வெங்காயத்தையும் தக்காளியையும் எண்ணிக்கையில் போட்டால் போதும். 100 கிராம் வெங்காயத்தில் சுமார் 40 கலோரி. நீங்கள் 100 கிராம் தப்பாக ஊகித்தாலும், ஏழில் ஒரு பங்கு சாப்பிடும்போது அந்தப் பிழை 6 கலோரிக்குள் அடங்கிவிடும்.

எண்ணெய் அப்படியல்ல. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி. பாட்டிலிலிருந்து நேராக ஊற்றுகிறவர் இரண்டு கரண்டி என்று நினைத்து நான்கு கரண்டி ஊற்றுவது சர்வசாதாரணம். அங்கேயே 240 கலோரி காணாமல் போகிறது. அதனால் நான் ஒன்றே ஒன்றை மட்டும் விடாமல் எடைபோடுகிறேன்: எண்ணெய் பாட்டில். அதைத் தராசில் வைத்து, டேர் பட்டனை அழுத்திப் பூஜ்ஜியமாக்கிவிட்டு, எடுத்து ஊற்றி, மறுபடி அதே இடத்தில் வைத்தால் −40 என்று காட்டும். அந்த 40 கிராம்தான் பாத்திரத்துக்குள் போனது. ஒரு கரண்டியையும் அழுக்காக்க வேண்டாம். வெண்ணெய், நெய், தேங்காய்ப்பால், சீஸ், முந்திரி, சர்க்கரை எல்லாவற்றுக்கும் இதே கவனம் வேண்டும். கொஞ்ச எடையில் நிறையக் கலோரி ஒளிந்திருக்கும் பொருட்கள் இவை.

ஒரு முழுக் கணக்கைப் போட்டுக் காட்ட முடியுமா?

சரி, கோழிக்கறியும் பருப்பும் போட்ட ஒரு கெட்டியான சூப்பை எடுத்துக்கொள்வோம். எலும்பும் தோலும் இல்லாத கோழி நெஞ்சுக்கறி ஒரு பொட்டலம், 500 கிராம். மைசூர்ப்பருப்பு அரைக் கிலோ பாக்கெட்டில் பாதி, அதாவது 250 கிராம். உருளைக்கிழங்கு நடுத்தர அளவில் மூன்று, சுமார் 400 கிராம் என்று வைத்துக்கொண்டேன். எண்ணெய் மேலே சொன்ன விதத்தில் 40 கிராம். வெங்காயம் இரண்டு, தக்காளி மூன்று. தண்ணீர் தேவைக்கு.

பச்சைக் கோழி நெஞ்சுக்கறியில் 100 கிராமுக்கு சுமார் 120 கலோரியும் 22.5 கிராம் புரதமும் இருக்கும். ஆகவே 500 கிராமுக்கு 600 கலோரி, 112 கிராம் புரதம், 13 கிராம் கொழுப்பு. 250 கிராம் பருப்பு ஏறக்குறைய 895 கலோரி, 60 கிராம் புரதம், 158 கிராம் மாவுச்சத்து, 5 கிராம் கொழுப்பு தரும். கிழங்கு 308 கலோரி, 70 கிராம் மாவுச்சத்து, 8 கிராம் புரதம். எண்ணெய் 360 கலோரி, முழுக்கக் கொழுப்பு, 40 கிராம். வெங்காயமும் தக்காளியும் சேர்த்து 130 கலோரி, 30 கிராம் மாவுச்சத்து, 5 கிராம் புரதம் என்று போட்டேன்.

கூட்டினால் பாத்திரம் முழுக்க 2293 கலோரி, 185 கிராம் புரதம், 58 கிராம் கொழுப்பு, 258 கிராம் மாவுச்சத்து. மேலே போவதற்கு முன் ஒரு சரிபார்ப்பு: புரதத்தையும் மாவுச்சத்தையும் 4-ஆல் பெருக்கி, கொழுப்பை 9-ஆல் பெருக்கிக் கூட்டினால் 2294 வருகிறது. 2293-க்குப் பக்கத்தில் இருப்பதால் எண்களை மாற்றி எழுதவில்லை என்று தெரிகிறது. நூறு, இருநூறு இடித்தால் ஏதோ ஒரு வரி தப்பு. (நார்ச்சத்தை மாவுச்சத்தில் சேர்க்காமல் தனியாகக் காட்டும் லேபிள்களும் உண்டு. பருப்பு நிறையப் போட்ட சமையலில் அதனாலும் கொஞ்சம் இடிக்கும்.)

அப்புறம் தராசு. என் பாத்திரம் காலியாக 1350 கிராம். மூடியின் அடியில் பெயிண்ட் பேனாவால் அதை எழுதி வைத்திருக்கிறேன். சமைத்து முடித்து, மூடியையும் கரண்டியையும் எடுத்துவிட்டு எடைபோட்டால் 4190. கழித்தால் சாப்பாடு 2840 கிராம். கிண்ணத்தைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கி அள்ளிப் போட்டது 420 கிராம். 420 ÷ 2840 = 0.148. ஒவ்வொரு மொத்தத்தையும் இதனால் பெருக்கினால் 339 கலோரி, 27 கிராம் புரதம், 9 கிராம் கொழுப்பு, 38 கிராம் மாவுச்சத்து. அவ்வளவுதான் கணக்கு.

எவ்வளவு தண்ணீர் ஊற்றினேன், எவ்வளவு ஆவியானது, எதுவும் தெரியாது. கணக்கு கெட்டுப்போகாதா?

கெடாது. இந்த முறையின் அழகே அங்கேதான் இருக்கிறது. தண்ணீரில் கலோரி இல்லை. ஆவியாகும்போது அது புரதத்தையும் மாவுச்சத்தையும் கூட்டிக்கொண்டு போவதும் இல்லை. மேலே உள்ள 2293 கலோரி அப்படியே பாத்திரத்தில் நிற்கும். மாறுவது எடை மட்டும்.

அதே சூப்பை இன்னும் இருபது நிமிடம் அடுப்பில் விட்டு 2400 கிராமுக்கு வற்றவிட்டோம் என்று வையுங்கள். இப்போது 420 கிராம் என்பது 0.175 பங்கு. அதே கிண்ணம், அதே எடை, ஆனால் 401 கலோரி, முன்பு 339. கெட்டியாக இருப்பதால் ஒவ்வொரு கரண்டியிலும் சரக்கு அதிகம். போன வாரம் இதையே சமைத்தபோது 100 கிராமுக்கு 81 கலோரி வந்தது என்று அந்த எண்ணை இந்த வாரமும் எடுத்துப் போட முடியாததற்கு இதுதான் காரணம். பொருட்கள் மாறாதவரை மொத்த மேக்ரோவைத் திரும்பப் பயன்படுத்தலாம். சமைத்த எடையை மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாக எடுக்க வேண்டும்.

கலோரி கணக்கிடும் ஆப்பில் ஒவ்வொரு பொருளுக்கும் "சமைத்தது", "பச்சை" என்று இரண்டு வரி இருக்கிறது. நான் சமைத்துத்தானே சாப்பிடுகிறேன், எதைத் தேர்ந்தெடுப்பது?

எந்த நிலையில் அந்த எடை எடுக்கப்பட்டதோ அந்த நிலையை. பாக்கெட்டில் 250 கிராம் என்று இருப்பது உலர்ந்த பருப்பு. அதனால் உலர்ந்த பருப்பு என்ற வரியைத்தான் எடுக்க வேண்டும், கடைசியில் அது வெந்து குழைந்துபோனாலும்.

இந்த ஒரு தப்பு மற்ற எல்லாத் தப்புகளையும் சேர்த்ததைவிடப் பெரியது. வெந்த பருப்பில் 100 கிராமுக்கு சுமார் 116 கலோரிதான், ஏனென்றால் அதில் பெரும்பகுதி தண்ணீர். 250 கிராமை அந்த வரியில் போட்டால் 290 கலோரி என்று வரும். உண்மையில் பாத்திரத்துக்குள் போனது 895. அறுநூறு கலோரி கண்ணுக்குத் தெரியாமல் நழுவிவிடுகிறது. கோழிக்கறியில் இது நேர்மாறாக நடக்கும்: வெந்த கறி தண்ணீரை இழந்து சுருங்குவதால் 100 கிராமுக்குச் சுமார் 31 கிராம் புரதம் காட்டும். 500 கிராம் பச்சைக்கறியை அந்த வரியில் போட்டால் 112-க்குப் பதிலாக 155 கிராம் புரதம் எழுதியிருப்பீர்கள்.

நானே மூன்று வாரம் பருப்பை வெந்த கணக்கில் போட்டு வந்தேன். எப்படித் தெரிந்தது என்றால், ஒரு கிண்ணம் பருப்பு சூப் ஒரு டம்ளர் மோர் அளவுக்குத்தான் கலோரி காட்டியது. அதனால் இப்போது மொத்தத்தைப் போட்டவுடன் 100 கிராமுக்கு எவ்வளவு என்று பார்த்துவிடுகிறேன். கறியும் பருப்பும் கிழங்கும் போட்டு எண்ணெயும் ஊற்றிய ஒரு கெட்டிச் சூப் 100 கிராமுக்கு 40 கலோரி காட்டினால், ஏதோ ஒரு பொருள் தப்பான வரியில் இருக்கிறது என்று அர்த்தம்.

எல்லாக் கறித்துண்டும் என் கிண்ணத்திலேயே விழுந்துவிட்டது. அப்போதும் இந்தக் கணக்கு சரியா?

சரியாகாது. கிண்ணத்தில் விழுவது மொத்தப் பாத்திரத்தின் சின்ன மாதிரி என்ற அனுமானத்தில்தான் விகிதமே நிற்கிறது. கறி நன்றாக உதிர்ந்து கலந்திருந்தால், அடிவரை கிளறி மேலும் கீழுமாக அள்ளினால், அந்த அனுமானம் போதுமான அளவு உண்மையாக இருக்கும். பெரிய துண்டுகளாக இருந்தால் இருக்காது.

எவ்வளவு விலகும் என்று பார்ப்போம். 500 கிராம் பச்சைக்கறி வெந்தபின் 370 கிராம் ஆனது என்று வைத்துக்கொண்டால், 420 கிராம் கிண்ணத்தில் நியாயமாக 55 கிராம் கறி இருக்க வேண்டும். உங்களுக்கு 110 கிராம் விழுந்தால், கூடுதலாக வந்த 55 கிராம் கறி கிட்டத்தட்ட 17 கிராம் புரதம் கொண்டுவரும். அதே 55 கிராம் பருப்புச் சாறு குறைவதால் ஒன்றரை கிராம்போல் போகும். ஆக 27 என்று எழுதிய கிண்ணத்தில் உண்மையில் 42 கிராம் புரதம். இது சின்ன வித்தியாசம் இல்லை. வீட்டில் இன்னொருவரின் கிண்ணத்தில் அதே அளவு குறைந்திருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

இதற்கு நான் நம்பும் வழி, ஒரு பாத்திரத்தை இரண்டாக நினைப்பது. பெரிய துண்டுகளை வெளியே எடுத்து அவற்றை மட்டும் எடைபோடுங்கள். மீதிச் சாற்றைத் தனியாக எடைபோடுங்கள். கறியின் மேக்ரோ கறியின் எடைக்கு, மற்றதெல்லாம் சாற்றின் எடைக்கு. கிண்ணத்தில் முதலில் கறி, அதன் எடை, டேர், அப்புறம் சாறு, அதன் எடை. ஒரு கழித்தலும் ஒரு கூட்டலும்தான் அதிகம். கறியைக் கையால் உதிர்த்துத் திரும்பப் போடுவது இதைவிடச் சுலபம், சாப்பாடு அதற்கு ஒத்துவந்தால்.

மேலே மிதக்கும் எண்ணெயும் இதே வகைப் பிரச்சினைதான். முதலில் அள்ளுகிறவருக்குக் கொழுப்பு அதிகம் போகும். அள்ளுவதற்குச் சற்று முன் கிளறிவிடுங்கள். எண்ணெயை வேண்டுமென்றே வழித்து வெளியே எடுத்தால் அதை எடைபோட்டு, மொத்தக் கொழுப்பிலிருந்து கழியுங்கள், கிராமுக்கு 9 கலோரி வீதம்.

காலிப் பாத்திரத்தை எடைபோட மறந்துவிட்டேன். பாத்திரமும் தராசுக்குப் பெரிது. என்ன செய்வது?

முதலாவதற்கு ஒன்றும் கெட்டுவிடவில்லை. சாப்பாட்டோடு இருக்கும் எடையை மட்டும் இப்போது குறித்துக்கொள்ளுங்கள். பாத்திரம் காலியாகிக் கழுவித் துடைத்தபின் அதை எடைபோட்டுக் கழித்துக்கொள்ளலாம்.

சமையலறைத் தராசுகள் பலவும் 5 கிலோவோடு நின்றுவிடும். கனமான பாத்திரத்தில் சமைத்தால் சாப்பாட்டை இரண்டு இலேசான டப்பாக்களுக்கு மாற்றி எடைபோடுவதே நல்லது. எப்படியும் ஃபிரிட்ஜில் வைக்கப் போகிறீர்கள். ஆள் எடை பார்க்கும் தராசில் வைக்கலாம்தான், ஆனால் அது 100 கிராம் படியில் காட்டினால் 2840 கிராமில் மூன்று சதவீதத்துக்கு மேல் தவறலாம். அந்த அளவு பரவாயில்லை என்பேன். எண்ணெயை ஊகித்ததில் வரும் பிழை இதைவிடப் பெரிது.

கொதிக்கும் பாத்திரத்தை நேராகத் தராசில் வைக்காதீர்கள். பிளாஸ்டிக் உருகுவது ஒரு பக்கம்; சூடு ஏறினால் உள்ளே இருக்கும் உணரி தடுமாறி எண் மெல்ல நகர ஆரம்பிக்கும். ஒரு மரப்பலகையை வைத்து, பூஜ்ஜியமாக்கி, அதன்மேல் பாத்திரத்தை வையுங்கள். ஆறியபின் எடைபோட்டால் இன்னும் நிம்மதி.

எலும்போடு இருக்கும் கறி போட்டால்?

பொட்டலத்தின் எடையில் எலும்பும் சேர்ந்திருக்கிறது, பாத்திர எடையிலும் சேர்ந்திருக்கிறது. சுலபமான வழி, வெந்தபின் எலும்பை உருவி எடுத்து எடைபோடுவது. அந்த எடையைப் பொட்டலத்தின் எடையிலிருந்து கழித்தால் கறியின் பச்சை எடை உத்தேசமாகக் கிடைக்கும். எலும்பில்லாத பாத்திரத்தை எடைபோட்டால் மொத்தமும் சரியாகிவிடும். எலும்போடு பரிமாறியே ஆக வேண்டுமென்றால், சாப்பிட்டு முடித்த எலும்பைத் திரும்ப எடைபோட்டுக் கழிக்கலாம். நான் விருந்து நாட்களில் அதைச் செய்வதில்லை.

மறுநாள் சூடாக்கும்போது தண்ணீர் சேர்த்தேன். பழைய கணக்கையே போடலாமா?

போட்டால் அதிகமாக எழுதுவீர்கள். தண்ணீரைத் தொடுவதற்கு முன் மிச்சத்தை எடைபோடுங்கள். நம் சூப்பில் 1240 கிராம் மீந்தது என்றால், அது 2840-இல் 0.437 பங்கு. ஆகவே அதில் இருப்பது 1001 கலோரி, 81 கிராம் புரதம். இனி இதுதான் புதுப் பாத்திரம். தண்ணீர் ஊற்றிச் சூடாக்கியபின் 1500 கிராம் ஆனால், 400 கிராம் கிண்ணம் 1500-இல் 0.267 பங்கு: 267 கலோரி. நேற்றைய விகிதத்தில் போட்டிருந்தால் 323 என்று வந்திருக்கும்.

தண்ணீர் சேர்க்காமல் மைக்ரோவேவில் ஒரு கிண்ணத்தை மட்டும் சூடாக்குகிறீர்களா? சூடாக்கும் முன் எடைபோட்டுவிடுங்கள். அதன்பின் எவ்வளவு ஆவியானாலும் கவலையில்லை.

ஆப்பில் இதை எப்படிப் பதிவது? ஒவ்வொரு முறையும் வகுக்க அலுப்பாக இருக்கிறது.

பொருட்களை ஒரு ரெசிப்பியாகப் போட்டுவிட்டு, எத்தனை பேருக்கு என்று கேட்கும் இடத்தில் 2840 என்று எழுதுங்கள். ஒரு கிராம் ஒரு பங்கு ஆகிவிடும். 420 கிராம் சாப்பிட்டால் 420 பங்கு என்று பதிந்தால் போதும், வகுத்தலை ஆப் பார்த்துக்கொள்ளும். அவ்வளவு பெரிய எண்ணை ஏற்காத ஆப் என்றால் 28.4 என்று போடுங்கள். அப்போது ஒரு பங்கு 100 கிராம், நீங்கள் சாப்பிட்டது 4.2. அடுத்த முறை சமைக்கும்போது அந்த ஒரு எண்ணை மட்டும் புதிய எடைக்கு மாற்றினால் ரெசிப்பி தயார்.

வேறொருவர் சமைத்தது. அவர் எதையும் அளக்கவில்லை. கிண்ணத்தை எடைபோட்டால் ஏதாவது தெரியுமா?

கிண்ணத்தின் எடை மட்டும் எதையும் சொல்லாது. ஆனால் சமைத்தவரிடம் நான்கு கேள்வி கேட்கலாம்: கறி எத்தனை பொட்டலம், பருப்போ அரிசியோ எத்தனை பாக்கெட் அல்லது டம்ளர், எண்ணெய் எவ்வளவு, பாலோ தேங்காயோ சீஸோ சேர்ந்ததா. பெரும்பாலானோருக்கு முதல் இரண்டும் சரியாக நினைவிருக்கும். எண்ணெய்க்கு "கொஞ்சம்தான்" என்று பதில் வரும். பாட்டிலில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பது அதைவிட நம்பகமானது. அதை வைத்து மொத்தத்தைப் போட்டு, பாத்திரத்தை எடைபோட்டு, முன்போலவே வகுக்கலாம். பாத்திரத்தையே எடைபோட முடியாத இடத்தில், எத்தனை கிண்ணம் வந்தது என்று கேட்டு அதால் வகுப்பது அடுத்த நல்ல வழி.